பெயர் சொல்லும் உரிமை: குவாத்தமாலாவில் உண்மை ஆணையமும் விசாரணையும் பொதுமன்னிப்பும்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், ஒரு போரோ சர்வாதிகாரமோ முடிந்த பிறகு, அதில் கொல்லப்பட்டவர்களுக்கு நீதி எந்த வழியில் வருகிறது, எந்த இடத்தில் தடுக்கப்படுகிறது என்பது. ஈழத்தில் எழுதுகிறவர்கள் இதை 'நிலைமாறுகால நீதி' என்று சொல்லிப் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். நாமும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்வோம்.

இதற்கு உலகம் பெரும்பாலும் மூன்று கருவிகளைப் பயன்படுத்தியிருக்கிறது. ஒன்று உண்மை ஆணையம்: நடந்ததைக் கேட்டு, எழுதி, அறிக்கையாகத் தருவது. இரண்டாவது நீதிமன்ற விசாரணை: இன்னார் இன்ன குற்றம் செய்தார் என்று நிரூபித்துத் தண்டிப்பது. மூன்றாவது பொதுமன்னிப்பு: வழக்கே தொடுக்க முடியாதபடி சட்டத்தால் மூடிவிடுவது. இவற்றில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், உண்மை வேண்டுமென்றால் தண்டனையை விட்டுவிடு, அமைதி வேண்டுமென்றால் இரண்டையும் விட்டுவிடு என்றுதான் பேச்சுவார்த்தை மேசைகளில் சொல்லப்படுகிறது. இது சரியா என்று பார்க்க, இந்த மூன்றும் ஒரே மண்ணில் பயன்படுத்தப்பட்ட குவாத்தமாலாவுக்குப் போவோம். அங்கே கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மையினர் நிலமற்ற, எழுத்தறிவு மறுக்கப்பட்ட, பண்ணைகளில் கூலிக்கு உழைத்த மாயா மக்கள். மேலே இருந்தவர்கள் அவர்களைச் சமமான மனிதர்களாக எண்ணியதே இல்லை. நாம் அந்த நாட்டைத் தேர்ந்ததற்கு இதுவும் காரணம்.

முதலில் போரின் வேரைப் பார்ப்போம். 1952இல் குவாத்தமாலாவின் குடியரசுத் தலைவர் ஹாக்கோபோ ஆர்பென்ஸ் ஒரு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். பெரும் பண்ணைகளில் பயிரிடாமல் கிடந்த நிலத்தை எடுத்து, உழைப்பவர்களுக்குக் கொடுப்பது அதன் நோக்கம். இரண்டே ஆண்டுகளில், 1954இல், அமெரிக்க உளவு நிறுவனத்தின் ஆதரவுடன் அவர் கவிழ்க்கப்பட்டார். கொடுத்த நிலம் திரும்பப் பிடுங்கப்பட்டது. 1960இல் தொடங்கிய ஆயுதப் போர் 36 ஆண்டுகள் நீண்டது. அதில் மிகக் கொடிய காலம் 1981 முதல் 1983 வரை. கெரில்லாக்களுக்குச் சோறு போடுகிறார்கள் என்று சொல்லி, மலையோர மாயா கிராமங்களை ராணுவம் மனிதர்களோடும் பயிரோடும் சேர்த்து அழித்தது. ஊரில் மிஞ்சிய ஆண்களைக் கட்டாயப்படுத்தி ஊர்க்காவல் படையில் சேர்த்து, பக்கத்து ஊர்க்காரர்களையும் உறவினர்களையும் அவர்கள் கையாலேயே கொல்ல வைத்தது. இந்தக் காலத்தின் நடுப்பகுதியில், 1982 மார்ச் முதல் 1983 ஆகஸ்ட் வரை, ஆட்சியில் இருந்தவர் ஜெனரல் எஃப்ரயின் ரியோஸ் மோண்ட்.

மூன்று கருவிகளில் முதலில் வந்தது பொதுமன்னிப்பு. 1986 ஜனவரியில் ராணுவம் ஆட்சியை ஒரு சிவில் அரசிடம் ஒப்படைத்தது. ஒப்படைப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு தனக்குத் தானே ஒரு மன்னிப்புச் சட்டம் எழுதிக்கொண்டது. குற்றம் சாட்டப்படக்கூடியவரே சட்டம் எழுதி, தம் மீதான வழக்கைத் தாமே தள்ளுபடி செய்யும் ஏற்பாடு அது. பிறகு 1996 டிசம்பரில் அரசும் கெரில்லாக்களும் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, தேசிய நல்லிணக்கச் சட்டம் என்ற பெயரில் இன்னொரு மன்னிப்பு வந்தது. போரோடு தொடர்புடைய குற்றங்களுக்கு இரு தரப்புக்கும் விடுதலை தரும் சட்டம் இது.

ஆனால் மனித உரிமை அமைப்புகள் போராடியதால் அந்தச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் ஒரு விலக்கு நுழைந்தது. இனப்படுகொலை, சித்திரவதை, ஆட்களைக் காணாமலாக்குதல் ஆகியவற்றுக்கும், காலக்கெடு கடந்தாலும் வழக்குத் தொடரக்கூடிய குற்றங்களுக்கும் இந்த மன்னிப்பு பொருந்தாது என்பது அந்த விலக்கு. அன்று இதைப் பலரும் பெரிதாக எண்ணவில்லை. இனப்படுகொலை நடந்தது என்று யார் நிரூபிக்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கை ஆட்சியாளர்களுக்கு இருந்திருக்க வேண்டும். பின்னால் நடந்த எல்லா வழக்குகளும் இந்த ஒரு பிரிவு திறந்துவைத்த கதவின் வழியாகத்தான் உள்ளே வந்தன. ஒரு மன்னிப்புச் சட்டத்தைப் படிக்கும்போது அது யாரை மன்னிக்கிறது என்பதைப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. எந்தக் குற்றத்தை விட்டுவைத்திருக்கிறது என்பதையும் தேடிப் படிக்க வேண்டும்.

இரண்டாவதாக வந்தது உண்மை ஆணையம். 1994 ஜூனில் ஆஸ்லோவில் போடப்பட்ட உடன்பாட்டில் இதற்கு 'வரலாற்றுத் தெளிவுபடுத்தல் ஆணையம்' என்று பெயர் வைத்தார்கள். பெயரே தயங்கிப் பேசுகிறது. உடன்பாட்டில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஆணையம் தனிநபர்களைக் குற்றவாளிகள் என்று பெயர் சொல்லிக் குறிக்கக் கூடாது. அதன் முடிவுகளுக்கு நீதிமன்ற விளைவு எதுவும் இருக்கக் கூடாது. ஜெர்மன் சட்ட அறிஞர் கிறிஸ்டியன் டோமுஷாட் தலைவர். குவாத்தமாலாவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஆல்ஃப்ரெடோ பால்செல்ஸ் டோஹோவும், மாயா சமூகத்தைச் சேர்ந்த கல்வியாளர் ஒட்டிலியா லக்ஸ் தே கோத்தியும் உறுப்பினர்கள்.

ஆணையத்தின் வேலை தொடங்கிய காலத்தில், கத்தோலிக்கத் திருச்சபையும் தனியாக ஊர் ஊராகச் சாட்சியம் சேகரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஆயர் ஹுவான் ஹெரார்தி, 1998 ஏப்ரல் 24 அன்று அறிக்கையை வெளியிட்டார். இரண்டு நாட்கள் கழித்து, ஏப்ரல் 26 இரவு, தம் வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். 2001இல் மூன்று ராணுவத்தினரும் ஒரு பாதிரியாரும் அந்தக் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டனர். பேசினால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் காட்டிய கொலை அது. அதற்குப் பிறகும் மக்கள் ஆணையத்திடம் வந்து பேசினார்கள்.

1999 பிப்ரவரியில் ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமலாக்கப்பட்டனர் என்று அது கணித்தது. அடையாளம் காணப்பட்டவர்களில் நூற்றுக்கு 83 பேர் மாயா மக்கள். பதிவான வன்முறைகளில் 93 விழுக்காட்டுக்கு அரசும் அதன் துணைப்படைகளும் பொறுப்பு. கெரில்லாக்களின் பங்கு 3 விழுக்காடு. இரு தரப்பும் அடித்துக்கொண்டார்கள் என்று அதுவரை சொல்லிவந்த கதை இந்த எண்களோடு முடிந்தது. அத்துடன், நான்கு வட்டாரங்களில் மாயா குழுக்களுக்கு எதிராக அரசு இனப்படுகொலைச் செயல்களைச் செய்தது என்றும் ஆணையம் முடிவுசெய்தது. தனிநபர் பெயரைச் சொல்லத்தான் தடை. அரசின் குற்றத்துக்குப் பெயர் சொல்லத் தடை இல்லை. அந்த இடைவெளியை ஆணையம் துணிந்து பயன்படுத்திக்கொண்டது. மன்னிப்புச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் இருந்த அதே சொல் இப்போது ஆணைய அறிக்கையிலும் ஏறிவிட்டது.

ஆனால் இந்த அறிக்கையின் வரம்பையும் சொல்ல வேண்டும். எந்த ஊரில், எந்த நாளில், எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் உண்டு. கட்டளையிட்டவர் யார் என்பது இல்லை. கொன்றவர் அதே ஊரில் கடை வைத்திருந்தார், நகரமன்றத்தில் இருந்தார். ரியோஸ் மோண்ட் நாடாளுமன்றத்தின் தலைவராகவே அமர்ந்தார். ஆவணங்கள் கேட்டபோது இல்லை என்ற பதில்தான் வந்தது. 2005இல் தலைநகரில் ஒரு காவல்துறைக் கட்டடத்துக்குள், எலியும் ஈரமும் தின்றுகொண்டிருந்த நிலையில், தேசியக் காவல்துறையின் பழைய ஆவணக் காப்பகம் வெளிப்பட்டது. ஏறத்தாழ எட்டுக் கோடிப் பக்கங்கள்! ஓர் ஆணையம் எவ்வளவு பலமுள்ளது என்பதை அதன் தலைவர் யார் என்பதைக் கொண்டு கணிக்க முடியாது. பெயர் சொல்ல உரிமை உண்டா, ஆவணத்தைக் கட்டாயப்படுத்திப் பெற அதிகாரம் உண்டா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும்.

இந்த இடத்தில் தென்னாப்பிரிக்காவை ஒரு பக்கம் வைத்துப் பார்ப்போம். அங்கே உண்மை ஆணையத்துக்குள்ளேயே மன்னிப்பு இருந்தது. ஒட்டுமொத்த மன்னிப்பு கிடையாது. குற்றம் செய்தவர் தாமே விண்ணப்பிக்க வேண்டும்; அரசியல் நோக்கத்தோடு செய்தது என்று காட்ட வேண்டும்; எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விண்ணப்பித்தவர்கள் 7,112 பேர். மன்னிப்புப் பெற்றவர்கள் 849 பேர். குவாத்தமாலாவில் சொல்லத் தடைசெய்யப்பட்ட பெயர்கள் அங்கே தொலைக்காட்சியில் கேட்டன. ஆனால் மன்னிப்புக் கேட்காதவர்கள் மீதும் மறுக்கப்பட்டவர்கள் மீதும் வழக்கு வரும் என்பது அந்த ஒப்பந்தத்தின் மறுபாதி. அந்தப் பாதி பெரும்பாலும் நிறைவேற்றப்படவில்லை. தண்டனை வரும் என்ற பயம் பொய்யாகிவிட்டால், உண்மையைச் சொல்லி மன்னிப்பு வாங்க யாருக்கும் அவசரம் இருக்காது.

அறிஞர் மஹ்மூத் மம்தானி அந்த ஆணையத்தின் மீது வைத்த விமர்சனமும் நமக்கு முக்கியம். கொலை, கடத்தல், சித்திரவதை ஆகியவற்றுக்கு ஆளானவர்களையே ஆணையம் பாதிக்கப்பட்டவர்களாகக் கணக்கிட்டது. அப்படிக் கணக்கில் வந்தவர்கள் இருபதாயிரத்துக்குச் சற்று மேல். நிறவெறிச் சட்டங்களின்படி நிலத்திலிருந்து பெயர்த்து எறியப்பட்டவர்களோ முப்பத்தைந்து லட்சம் பேர். அவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அடித்தவனும் அடிபட்டவனும் மட்டும் தெரிகிறார்கள். அந்த அடியால் யாருக்கு நிலமும் கூலியாளும் கிடைத்தன என்பது தெரியாமல் போகிறது. இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு குவாத்தமாலாவின் நீதிமன்றத்துக்குத் திரும்புவோம்.

மாயா மக்களின் உயிர்பிழைத்தோர் சங்கம் ஒன்று 2001இல் ரியோஸ் மோண்ட் மீது புகார் கொடுத்தது. 2012 ஜனவரியில் அவருடைய நாடாளுமன்றப் பதவி முடிந்து சட்டப் பாதுகாப்பு போகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது தலைமை அரசு வழக்கறிஞராக இருந்தவர் கிளாடியா பாஸ் இ பாஸ். 2013 மார்ச்சில் நீதிபதி யாஸ்மின் பாரியோஸ் தலைமையில் விசாரணை தொடங்கியது. 1,771 இக்ஷில் மக்களைக் கொன்ற குற்றம். ஊர்க்காரர்கள் தம் மொழியில் பேச, மொழிபெயர்ப்பாளர்கள் ஸ்பானிய மொழியில் சொன்னார்கள். தோண்டி எடுத்த எலும்புகளைப் பற்றித் தடயவியல் மானுடவியலாளர்கள் சாட்சி சொன்னார்கள். மே 10 அன்று 80 ஆண்டுச் சிறைத் தண்டனை வந்தது: இனப்படுகொலைக்கு 50, மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்கு 30. முன்னாள் நாட்டுத் தலைவர் ஒருவரை அவருடைய நாட்டு நீதிமன்றமே இனப்படுகொலைக்காகத் தண்டித்தது.

பத்து நாட்கள் கழித்து அரசமைப்பு நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லிப் பெருமுதலாளிகளின் கூட்டமைப்பு வெளிப்படையாகக் கேட்டிருந்தது. நீதிமன்றம் சொன்ன காரணமோ நடைமுறைக் குறை. சாட்சி பொய் என்று அது சொல்லவில்லை, கொலை நடக்கவில்லை என்றும் சொல்லவில்லை. விசாரணையை ஏப்ரல் 19 அன்று இருந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோனது. மறுவிசாரணை இழுத்துக்கொண்டே போக, 2018 ஏப்ரலில் ரியோஸ் மோண்ட் தண்டனை இல்லாமலே இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வேறொரு நீதிமன்றம், இக்ஷில் மக்களுக்கு எதிராக இனப்படுகொலை நடந்தது உண்மை என்று சொல்லிவிட்டு, அவருடைய உளவுத்துறைத் தலைவராக இருந்தவரை விடுவித்தது. குற்றம் நடந்தது, குற்றவாளி இல்லை.

நமக்கு இது புதிதல்ல. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தபோது, வசதி படைத்தவர்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற வாதம் தீர்ப்பிலேயே இடம்பெற்றது. ஒரு வழக்கு எங்கே தோற்கிறது என்று பார்க்கும்போது, சாட்சி தோற்றதா, சாட்சியைக் கேட்க மறுத்தவர்கள் வென்றார்களா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது இந்தச் சொற்பொழிவின் மையமான வழக்குக்கு வருகிறோம். செபூர் சார்க்கோ என்பது கிழக்குக் குவாத்தமாலாவில் கெக்சி மாயா மக்கள் வாழும் சிற்றூர். அந்த வட்டாரத்து ஆண்கள், தாங்கள் உழுத நிலத்துக்குப் பட்டா கேட்டு அரசிடம் மனு செய்திருந்தார்கள். பண்ணையார்கள் ராணுவத்தை அழைத்தார்கள். 1982இல் பட்டா கேட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள்; அவர்கள் திரும்பவே இல்லை. பிறகு அந்த ஊரில் சிப்பாய்கள் ஓய்வெடுப்பதற்கென்று ஒரு முகாம் அமைத்தார்கள். கணவனை இழந்த பெண்களை முறைவைத்து அங்கே வரச்சொன்னார்கள். சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும். சோளமும் சோப்பும் அவர்களே கொண்டுவர வேண்டும். அங்கேயே அவர்கள் மீண்டும் மீண்டும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். சிலருக்கு இது ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 1988இல்தான் முகாம் மூடப்பட்டது.

2010இல் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து தலைநகரில் ஒரு மனசாட்சி நீதிமன்றம் நடத்தின. சட்ட அதிகாரம் எதுவும் இல்லாத, கேட்பதற்கு மட்டுமே கூடிய மன்றம் அது. அங்கே பேசிப் பார்த்த பெண்கள் 2011இல் உண்மையான புகாரைக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் முதியவர்கள், நோயாளிகள். வழக்கு வரும்வரை உயிரோடு இருப்போமா என்ற நிலை. ஆகவே 2012இலேயே ஒரு நீதிபதி முன்னிலையில் அவர்களுடைய சாட்சியத்தை முன்கூட்டியே காணொளியில் பதிவு செய்தார்கள். 2016 பிப்ரவரியில் விசாரணை நடந்தபோது அந்தப் பதிவுகள் மன்றத்தில் ஓடின. பெண்கள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். ஊருக்குத் திரும்பிப் போய் அதே மனிதர்களுக்கு நடுவில் வாழ வேண்டும் என்பதால் மூடிய முகங்கள் அவை. தோண்டி எடுத்த எலும்புகள் அட்டைப் பெட்டிகளில் மன்றத்துக்கு வந்தன.

அவர்கள் பயன்படுத்திய சொல் ஒன்றை இலக்கிய அமைப்பான நாம் கவனிக்க வேண்டும். நடந்ததைச் சொல்ல அந்தப் பெண்கள் கெக்சி மொழியில் 'முஷுக்' என்றார்கள். தீட்டுப்படுத்துதல், புனிதத்தைக் குலைத்தல் என்ற பொருள் கொண்ட சொல். உடலோடு சேர்த்து, ஊரில் அவர்களுக்கு இருந்த இடத்தையும் மதிப்பையும் அழித்தார்கள் என்பதை அந்தச் சொல் தாங்கி நிற்கிறது. 'வன்புணர்ச்சி' என்ற சட்டச் சொல்லாக மட்டும் மொழிபெயர்த்திருந்தால் பாதி சாட்சியம் மன்றத்துக்கு வந்து சேர்ந்திருக்காது. தீட்டு என்ற சொல்லின் கனம் என்ன என்று நம் கூட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 26 அன்று, மீண்டும் யாஸ்மின் பாரியோஸ் தலைமையிலான மன்றம் தீர்ப்பு சொன்னது. முகாம் பொறுப்பில் இருந்த ராணுவ அதிகாரிக்கு 120 ஆண்டுகள்: மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்கு 30, ஒரு தாயையும் அவருடைய இரண்டு பெண் குழந்தைகளையும் கொன்றதற்கு ஆளுக்கு 30 வீதம் 90. ராணுவத்தோடு சேர்ந்து ஊரைக் காட்டிக்கொடுத்த உள்ளூர் ஆணையாளருக்கு 240 ஆண்டுகள்: மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்கு 30, ஏழு ஆண்களைக் காணாமலாக்கியதற்குத் தலைக்கு 30 வீதம் 210. எந்த மனிதரும் 240 ஆண்டு சிறையில் இருக்கப்போவதில்லை. ஆனால் இந்தக் கூட்டலில் ஒவ்வொரு ஆளும் தனியாக எண்ணப்பட்டிருக்கிறார். இரண்டு லட்சம் என்ற ஆணையத்தின் எண்ணுக்குள் முகமில்லாமல் கிடந்தவர்களில் பத்துப் பேர் அன்று பெயரோடு வெளியே வந்தார்கள்.

தண்டனையோடு மன்றம் நிறுத்தவில்லை. சில நாட்கள் கழித்து ஈட்டு நடவடிக்கைகளுக்குத் தனி ஆணை வந்தது. ஊருக்கு மருத்துவ நிலையம், பிள்ளைகளுக்குப் பள்ளி, தீர்ப்பை மாயா மொழிகளில் மொழிபெயர்த்தல், ராணுவப் பயிற்சியில் பெண்களின் உரிமை பற்றிய பாடம் என்று அது நீள்கிறது. அவற்றோடு, காணாமலாக்கப்பட்ட ஆண்கள் தொடங்கிவைத்த பட்டா மனுவை அரசு தொடர்ந்து நடத்த வேண்டும் என்பதும் இருந்தது. தென்னாப்பிரிக்க ஆணையம் கணக்கிலேயே சேர்க்காமல் விட்ட கேள்வி, இங்கே ஒரு குற்றவியல் தீர்ப்பின் பின்னிணைப்பாகத் திரும்பி வந்துவிட்டது. கொலை எதற்காக நடந்தது என்பதை மன்றம் மறக்கவில்லை.

இந்தப் பாதை முழுவதையும் திரும்பிப் பார்த்தால், மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற பேச்சு பொருந்தவில்லை என்பது தெரிகிறது. மன்னிப்புச் சட்டத்தில் போராடிப் பெற்ற ஒரு விலக்கு இல்லையென்றால் வழக்கே வந்திருக்காது. ஆணையம் ஊர் ஊராகப் போய்க் கேட்டு அரசின் குற்றத்துக்குப் பெயர் வைக்காமல் இருந்தால், வழக்கறிஞர்களுக்கு எங்கே தொடங்குவது என்று தெரிந்திருக்காது. வழக்கு வராமல் இருந்தால் ஆணையத்தின் அறிக்கை பெயரில்லாத கொலைகளின் பட்டியலாகவே நின்றிருக்கும். ஒவ்வொரு கருவியின் எல்லையையும் வகுத்தவர்கள் அன்றைக்கு ஆயுதமும் அதிகாரமும் வைத்திருந்தவர்கள். ஒரு கருவியில் சேமித்ததை அடுத்த கருவிக்குள் சுமந்துகொண்டு போனவர்கள் பாதிக்கப்பட்ட மக்கள். அதற்கு அவர்களுக்கு 1982இலிருந்து 2016 வரை 34 ஆண்டுகள் ஆயின.

அந்த வேலை இன்னும் முடியவில்லை. மன்னிப்புச் சட்டத்தின் விலக்கை நீக்கி, தண்டிக்கப்பட்டவர்களை விடுவிக்க 2019இல் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. பெரும் எதிர்ப்புக்கு நடுவில் அது நிறைவேறாமல் நின்றது. சட்டத்தில் திறந்த கதவை மறுபடியும் மூட வருவார்கள் என்பதற்கு அது அடையாளம். செபூர் சார்க்கோ பெண்களோ தீர்ப்பு வந்து ஆண்டுகள் போன பிறகும் தங்கள் கணவர்கள் கேட்ட அந்த நிலத்துக்காகக் காத்திருந்தார்கள். நீதி வந்துவிட்டதா என்று யாராவது கேட்டால், அந்தப் பட்டா யார் கையில் இருக்கிறது என்று நாம் திருப்பிக் கேட்போம்.